6061-டி6 அலுமினியத் தண்டு: தகைவு-திரிபு வளைவின் விளக்கமும் ஈல்டு வலிமையும்

ஒரே தண்டிலிருந்து, பிதுக்கிய திசையில் வெட்டிக் கடைந்த மூன்று மாதிரிகளை ஐ.எஸ்.ஓ. 6892-1 முறைப்படி 24 டிகிரி செல்சியஸில் இழுத்துச் சோதித்தோம். விட்டம் 9.98 மில்லிமீட்டர், அளவு நீளம் 50 மில்லிமீட்டர். திரிபு வேகம் நொடிக்கு 0.00025.

மென் எஃகில் காணும் தெளிவான ஈல்டு புள்ளி இந்த வளைவில் இல்லை. நேர்கோடு மெல்ல வளைந்து கிடைமட்டத்தை நோக்கிச் சாய்கிறது. எந்த இடத்தில் வளையத் தொடங்கியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்த அறிக்கையில் ‘ஈல்டு வலிமை’ என்பது 0.2% நிலைத்த திரிபை உண்டாக்கும் தகைவான 0.2% புரூஃப் தகைவை மட்டுமே குறிக்கும்.

முதல் மாதிரியில், தொடக்கத்தில் ஏறக்குறைய 20 மெகாபாஸ்கல் வரை வளைவு சற்றுக் குழிந்திருக்கிறது. அது பொருளின் குணமன்று. பிடிகள் இறுகும் தடம். எனவே 40 முதல் 180 மெகாபாஸ்கல் வரையுள்ள பகுதிக்கே நேர்கோடு பொருத்தினோம். சரிவு 68.4 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு எதிர்பார்க்கும் 69-ஐ ஒட்டியே வந்திருப்பதால் எக்ஸ்டென்சோமீட்டர் அளவீட்டில் நம்பிக்கை பிறக்கிறது. அந்தக் கோட்டைத் திரிபு அச்சில் சந்திக்கும் இடத்திலிருந்து 0.2% வலப்புறம் நகர்த்தினால், 271 மெகாபாஸ்கலில் வளைவை வெட்டுகிறது. அப்போதைய சுமை 21.2 கிலோநியூட்டன், மொத்தத் திரிபு சுமார் 0.60%. அதில் 0.40% மீண்டுவிடும், 0.20% நிலைத்துவிடும்.

மற்ற இரண்டும் 274, 268. இரண்டாம் மாதிரியில் 190 மெகாபாஸ்கலருகே எக்ஸ்டென்சோமீட்டரின் கத்திமுனை நழுவி, திரிபு 0.01% பின்னுக்குத் தாவியது. நேர்கோட்டுப் பகுதி அதற்குக் கீழேயே முடிந்துவிட்டதாலும், புரூஃப் தகைவில் ஏற்படும் மாற்றம் 1 மெகாபாஸ்கலுக்குள் அடங்குவதாலும் அந்த மதிப்பை நீக்கவில்லை, வரைபடத்தில் குறியிட்டிருக்கிறோம்.

முடிவு: 0.2% புரூஃப் தகைவு, மூன்றின் சராசரி, 271 மெகாபாஸ்கல். ஒவ்வோர் அளவீட்டின் விரிந்த ஐயப்பாடு ±4 மெகாபாஸ்கல், உறை காரணி 2. சுமை உணரியின் பிழையே இதில் பெரும்பங்கு. பிதுக்கிய தண்டுக்கு ஏ.எஸ்.டி.எம். பி221 கேட்கும் குறைந்தபட்சம் 240 மெகாபாஸ்கல். ஐயப்பாட்டைக் கழித்தாலும் மூன்று மாதிரிகளும் அதைத் தாண்டுகின்றன.

ஆனால் 271 என்பது வடிவமைப்பு மதிப்பன்று. மூன்று மாதிரிகள் ஒரு தண்டின் தன்மையைச் சொல்லும். அடுத்த வார்ப்பின் சிதறலைச் சொல்லாது. குறுக்குத் திசைக்கோ உயர் வெப்பநிலைக்கோ மீள்சுமைக்கோ இதை நீட்டக் கூடாது. கணக்கீட்டில் தரநிலையின் 240-ஐயே எடுத்து, உரிய பாதுகாப்புக் காரணியைச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய வடிவமைப்பு வரைபடத்தில், இந்தத் தண்டால் செய்யும் தாங்கியின் கீழ்முனை பற்றவைக்கப்படுகிறது. பற்றவைப்பின் வெப்பம் டி6 பதத்தைக் கலைத்துவிடும். அந்த இடத்தில் புரூஃப் தகைவு ஏறக்குறையப் பாதியாகவே குறையக்கூடும். அந்த மூட்டுக்கு 271 மட்டுமல்ல, 240-உம் பொருந்தாது. பற்றவைத்த துண்டிலிருந்து மாதிரி வெட்டித் தனியே சோதிக்க வேண்டும்.