கிழமைக் கணக்கு

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று மாலை போன மின்சாரம், மறுநாள் மாலையாகியும் தங்கச்சிமடத்துக்கு வரவில்லை. தெருமுனைக் கம்பம் தென்னை மரத்தோடு சேர்ந்து சாய்ந்துகிடந்தது. "கம்பத்தை நிமிர்த்திய பிறகுதான் கம்பியைத் தொடுவார்கள்" என்று செய்தி சொல்லிவிட்டுப் போனார் எதிர்வீட்டுக்காரர். கைப்பேசி காலையிலேயே அணைந்துவிட்டது. ஜெனிட்டா படித்துக்கொண்டிருந்த குரூப் 4 பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"பரண் மேல் உன் மாமாவின் பழைய வினாத்தாள் கட்டு கிடக்கிறது. எலி தின்றது போக மிச்சம் இருந்தால் எடுத்துப் படி" என்றாள் அம்மா. பிறகு வழக்கமான வாலையும் சேர்த்துக்கொண்டாள்: "அவனைப் போல் படிக்காதே. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிறவன்."

வீட்டில் அதுதான் தீர்ப்பு. ஆரோக்கியம் மாமா 2018இல் குரூப் 4 எழுதினார், தேறவில்லை, மண்டையில் ஏறவில்லை. அவரே சிரித்துக்கொண்டு அப்படித்தான் சொல்வார்.

கட்டு எலியிடம் தப்பியிருந்தது. பழைய தேர்வுத் தாள்களின் நகல்கள், ஒவ்வொன்றிலும் இருநூறு கேள்விகள். மேல் மூலையில் பென்சிலால் ஒரு தேதி, அதன் கீழ் வட்டத்துக்குள் ஒரு எண். எத்தனை கேள்வி சரி என்று மாமாவே திருத்திப் போட்டுக்கொண்ட கணக்கு அது. மெழுகுவர்த்தியைத் தகர டப்பாவின் மேல் நிறுத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு தாளிலும் திறனறிவுக் கேள்விகளை மட்டும் போட்டுப் பார்த்தாள் ஜெனிட்டா. அந்த இருபத்தைந்து கேள்விகள்தான் அவளை எப்போதும் கவிழ்த்துவிடும்.

ஒரு தாளில், '15-8-1947 என்ன கிழமை?' என்று கேட்டிருந்தார்கள். மாமா எதையும் குறிக்காமல் விட்டிருந்தார். இந்த வகைக் கணக்கு அவளுக்குத் தெரியும். ஏழால் வகுத்து மீதியைப் பிடிக்க வேண்டும். 1600 ஆண்டுகளுக்கு மீதி இல்லை. அடுத்த 300 ஆண்டுகளுக்கு ஒன்று. 46 ஆண்டுகளில் லீப் ஆண்டு பதினொன்று, சாதாரண ஆண்டு முப்பத்தைந்து. இருபத்திரண்டும் முப்பத்தைந்தும் ஐம்பத்தேழு, மீதி ஒன்று. ஜனவரி முதல் ஆகஸ்ட் 15 வரை 227 நாள், மீதி மூன்று. மொத்தம் ஐந்து. ஞாயிறு பூஜ்யம் என்றால் ஐந்து வெள்ளி.

சரியாக வந்துவிட்ட கணக்கு கொஞ்சம் திமிர் கொடுக்கும். இன்னொரு தேதி கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம் என்று தாளின் மூலையைப் பார்த்தாள். 2-1-2018. அடுத்த தாளில் 4-1-2018. அதற்கடுத்து 5, 7, 9, 11, 12, 14.

தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். இடைவெளி இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு. மறுபடியும் இரண்டு, ஒன்று, இரண்டு. இஷ்டப்பட்டபோது படிக்கிறவன் போடும் தேதிகள் இப்படி அச்சில் வார்த்ததுபோல் வராது. நான்கு இடைவெளியையும் கூட்டினால் ஏழு.

2000 ஆண்டுகளுக்கு மீதி இல்லை. 2001 முதல் 2017 வரை பதினேழு ஆண்டு, அதில் நான்கு லீப். எட்டும் பதின்மூன்றும் இருபத்தொன்று, மீதி இல்லை. ஆக, 2017 டிசம்பர் 31 ஞாயிறு. ஜனவரி 2 செவ்வாய். அங்கிருந்து விரல் விட்டே எண்ணிவிட்டாள்: செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு. பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறது. அன்றைக்கும் ஒரு தாள் போட்டிருக்கிறார்.

திங்கள், புதன், சனி மட்டும் இல்லை.

இந்தத் தீவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற விசைப்படகு இரவெல்லாம் மடி இழுத்துவிட்டு மறுநாள் காலைதான் கரைக்கு வரும். அந்த வருஷம் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததும், மாமாவின் பங்குப் பணத்தில்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதித்ததும் அவளுக்குத் தெரியும். மாமா பரீட்சைக்குப் படித்ததும் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் இரண்டுமே தெரியும். இரண்டையும் யாரும் ஒரே தரையில் பரப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அடிக்கட்டில் இருந்த தாள்களையும் பிரித்தாள். 2017 நவம்பர் 30இல் தொடங்கி டிசம்பர் 5 வரை இடைவெளியே இல்லாமல் ஆறு தாள்கள். ஒக்கிப் புயல் நாட்கள். கடலுக்குப் போக முடியாத ஒருவன் உட்கார்ந்து தீர்த்திருக்கிறான்.

வட்டத்துக்குள் இருந்த எண்களை இப்போதுதான் கவனித்தாள். வெள்ளிக்கிழமைத் தாள்களில் 148, 151, 155. செவ்வாயில் 119. ஞாயிறுகளில் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் முதல் நூறு கேள்வி வரைக்கும் பென்சில் குறி நறுக்கென்று விழுந்திருந்தது. அதன் பிறகு சரிய ஆரம்பித்து, ஓரிடத்தில் கோடாக இழுபட்டு விளிம்புவரை போயிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். அம்மா பார்த்த கொட்டாவி அது.

கடைசித் தாளில் 9-2-2018. வெள்ளி. 157.

தேர்வு பிப்ரவரி 11. கணக்குப் போடவே வேண்டாம், வெள்ளிக்கு இரண்டாம் நாள்.

இரவு எட்டு மணிக்கு மாமா வந்தார். படகுகளை ஒன்றோடு ஒன்று மோதாமல் இழுத்துக் கட்டிவிட்டு வந்ததில் கையெல்லாம் கயிறு அறுத்த தடம். கையில் ஒரு பேட்டரி விளக்கு. "இதை வைத்துக்கொள். மெழுகுவர்த்தியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று அவளிடம் நீட்டினார். வெளிச்சம் தரையில் விழுந்ததும்தான் தாள்களைப் பார்த்தார்.

"என்ன, கடை விரித்திருக்கிறாய்?"

"மாமா, குரூப் 4 எழுதப் போனீர்களே, அதற்கு முந்தின நாள் கடலுக்குப் போனீர்களா?"

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். "சனிக்கிழமை இல்லையா? போனேன். ஆள் குறைவு. நான் இல்லாவிட்டால் படகு போகாது. விடிய நாலு மணிக்குக் கரை. இறாலைப் பிரித்து, எடை போட்டுவிட்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் தூங்கிவிடலாம் என்று கணக்கு. உட்கார இடம் கிடைக்கவில்லை."

அடுக்களையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

"வெள்ளிக்கிழமை 157 எடுத்திருக்கிறீர்கள்."

"எடுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் வரும்." ஏதோ வலையில் விழுந்த மீனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "உனக்கு எப்போது தேர்வு? ஞாயிற்றுக்கிழமைதானே வைப்பார்கள்? முந்தின நாள் ராத்திரி நீ புத்தகத்தைத் தொடவே கூடாது. எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும். உன் அம்மா எழுப்பினாலும் எழுந்திருக்காதே."

அம்மா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். தம்பியைப் பார்க்காமல் தாள்களைப் பார்த்தாள். "சாப்பிட்டாயா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தட்டை எடுக்கப் போனாள்.

மாமா குனிந்து ஒரு தாளை எடுத்தார். பதில் குறிக்காமல் விட்ட அந்தக் கேள்விமேல் விரலை வைத்தார்.

"இந்தக் கிழமைக் கணக்கு மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. எல்லாத் தாளிலும் விட்டுவிடுவேன். இதை எப்படிப் போடுவது?"

ஜெனிட்டா பென்சிலை எடுத்துக்கொண்டு விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்தாள். "முதலில் நானூறு நானூறாகக் கழித்துவிட வேண்டும், மாமா."

"ஏன் நானூறு?" என்று கேட்டார் அவர், சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.