கதிருக்கு, நைட் ஷிப்டிலிருந்து

கதிர் கண்ணு,

மணி இரண்டேகால். டீ குடிக்க வெளியே வந்திருக்கிறேன். நீ இதைக் காலையில்தான் பார்ப்பாய். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள். நேரில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே என் குரல் ஏறிவிடுகிறது, உனக்கே தெரியும். எழுதினால் அழித்து அழித்து எழுதலாம். இதற்கு முன்னால் மூன்று தடவை அழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது உன் பெரியம்மா பையனை இழுத்துப் பேசியது தப்பு. நீ பாதித் தோசையோடு எழுந்து போனாய், நானும் அதற்கு மேல் சாப்பிடவில்லை. என் அப்பா என்னைச் சித்தப்பா மகனோடு வைத்துப் பேசும்போதெல்லாம் எனக்கு எப்படி எரியும் என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்தும் அதே பேச்சு என் வாயில் வந்துவிட்டது. இனி அவன் பேரை எடுக்க மாட்டேன்.

அப்புறம், உன் அரையாண்டு இயற்பியல் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். கேட்காமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, ஃப்ரிட்ஜ் மேல்தான் இருந்தது. அன்றைக்கு நான் பார்த்தது மேலே சிவப்பு மையில் இருந்த 28-ஐ மட்டும். நேற்று உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு மார்க் கேள்வி பதினைந்தில் பதினொன்று சரி. இரண்டு மார்க் கேள்வி ஆறையும் எழுதியிருக்கிறாய். ஐந்து மார்க் கேள்வி ஐந்தில் இரண்டைத்தான் தொட்டிருக்கிறாய், மற்றதற்கு எண் மட்டும் போட்டுவிட்டு இடம் காலி. அந்தக் காலி இடங்களைக் கேள்வித்தாளோடு வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கதிர் ஒளியியல், அதாவது இரண்டாம் தொகுதியின் முதல் பாடம். அதைப் பள்ளியில் நடத்தியது அக்டோபரில்தானே? அப்போதுதானே நீ டெங்குவில் மூன்று வாரம் படுத்திருந்தாய்? இது எனக்கு வெள்ளிக்கிழமையே தோன்றியிருக்க வேண்டும். மார்க்கைப் பார்த்த கண்ணுக்கு மாதம் தெரியவில்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து 1997-ல் கணபதியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பீஸில் நாற்பது மில்லிமீட்டர் ஓட்டை போர் அடிக்கக் கொடுத்தார்கள். டயல் கொஞ்சம் தாண்டிவிட்டது. சரி என்று பின்னால் திருப்பிக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி ஓட்டினேன். அளந்து பார்த்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது. சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், பெரிதானால் பழைய இரும்புதான். ஃபோர்மேன் அண்ணன் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. ‘ஹேண்டிலை எந்த இடத்தில் திருப்பினாய்?’ என்று மட்டும் கேட்டார். காட்டினேன். திருகில் லூஸ் இருக்கும், பின்னால் திருப்பும்போது டயல் நகரும், டூல் நகராது. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வா என்றார். பேக்லாஷ் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். கெட்டுப்போன பீஸிலேயே நாலு தடவை ஓட்டச் சொன்னார். அதற்கப்புறம் நான் பீஸைக் கெடுக்கவே இல்லை என்று புளுக மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தால் கெடுக்கவில்லை.

உன் பேப்பரிலும் எனக்கு அந்த இடம்தான் வேண்டும். மின்மாற்றிக் கேள்விக்குப் படம் அழகாகப் போட்டு, முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்று பேரும் எழுதியிருக்கிறாய். கீழே மூன்று வரி வந்து நின்றுவிட்டது. நேரம் போதவில்லையா, அடுத்த வரி மறந்துவிட்டதா, இல்லை முதலிலேயே புரியாததா? மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். ஒளியியல் பாடம் நின்றதற்குக் காரணம் ஜுரம், சோம்பேறித்தனம் இல்லை. அதை எடுத்துச் சொல்லித் தர ஆள் வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் டியூஷன் போகலாம். வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன் என்றாலும் சரி. காசைப் பற்றி யோசிக்காதே. நான் யோசிப்பதே இரண்டு பேருக்கும் போதும்.

உன்னிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். இது உன்னைப் படிக்க வைக்கும் தந்திரம் என்று நினைப்பாய். பாதி அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி நிஜம். நாங்கள் ஷாப்ட்டை இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு அனுப்புவோமே, அங்கே ஒரு செம்புச் சுருள் இருக்கும். ஷாப்ட் அதன் நடுவில் நிற்கும், சுருளில் படாது. தீ கிடையாது. சில விநாடியில் பழுக்கச் சிவந்துவிடும், உடனே தண்ணீர் அடிப்பார்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எப்படிச் சூடாகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நேற்று உன் புத்தகத்தைப் புரட்டும்போது நான்காவது பாடத்தில் சுழல் மின்னோட்டம் என்று தலைப்பு. அதில் இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானோ என்று தோன்றியது. இரண்டு தடவை படித்தேன், முதல் பத்திதான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் எனக்கு அதைச் சொல்லிக்கொடு. நான் குறுக்கே கேள்வி கேட்பேன், மக்குக் கேள்வியாகத்தான் இருக்கும், பொறுமையாகச் சொல். தெரியாத இடம் வந்தால் ‘தெரியலப்பா’ என்று சொல்லிவிடு. மின்மாற்றியும் அதே பாடம்தான் என்பதை நான் கவனித்தேன், நீயும் கவனித்திருப்பாய்.

பதிலுக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது. பிப்ரவரியில் உனக்குச் செய்முறைத் தேர்வு வருமே, அதில் கம்பியின் தடிமனைத் திருகு அளவியில் எடுக்க வேண்டி வரலாம். நாங்கள் மைக்ரோமீட்டர் என்போம். என்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். சுழிப்பிழை பார்ப்பதில் எங்கள் ஷாப்பில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. இதில் மட்டும் நான் வாத்தியார்.

இன்றிலிருந்து ‘படிச்சியா’ என்று கேட்க மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் நீங்கள் முதலில் நிறுத்துங்கள் என்றாள். பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டால் ஒரு தடவைக்குப் பத்து ரூபாய், ஃப்ரிட்ஜ் மேல் டப்பா வைத்துக்கொள். போனையும் பிடுங்க மாட்டேன். எந்தக் காலேஜ், கட்-ஆஃப் எவ்வளவு என்பதெல்லாம் பரீட்சை முடியட்டும், அதுவும் நீ பேச்செடுத்தால்தான். உன் மேஜை லைட் மினுக்கு மினுக்கு என்கிறது, உனக்கு எப்படிக் கண் வலிக்காமல் இருக்கிறதோ தெரியவில்லை. நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.

நீ ஏழாவது படிக்கும்போது அம்மாவின் மிக்ஸியைக் கழற்றி மறுபடி மாட்டினாய். ஒரு ஸ்குரூ மிச்சம் வந்தது, மிக்ஸி ஓடியது. அந்த ஸ்குரூ இன்னும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது. உனக்குத் தலை இருக்கிறதா என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை நான் பேசியது அப்படிக் கேட்டிருந்தால், நான் பேசியதுதான் கோணல்.

சரி, டீ ஆறிவிட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மட்டும் சரியா இல்லையா என்று சொல். காலையில் வரும்போது பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வருகிறேன். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டேன், மேஜையில் வைத்துவிடுகிறேன்.

அப்பா