வாங்கிய 1,80,000: திருப்பித் தரும் கணக்கு

சிவகாசி,
17.8.2025

அன்புள்ள முருகேசா,

போனில் பேசாமல் என்னடா கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் "அதெல்லாம் இப்ப எதுக்குடா, அப்பா எப்படி இருக்காரு" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். நாலு மாதமாக அதுதான் நடக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் தெருமுனை வரை நடந்து வருகிறார், ஊறுகாய்க்குச் சண்டை போடுகிறார்.

மார்ச் 19 ராத்திரி, மதுரையில் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும், பணம் கட்டுங்கள் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லை. இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் நேரமில்லை. பதினொன்றரைக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஜீபேயில் ஒரு நாளைக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவும், 1,00,000, பத்து நிமிடத்தில் வந்தது. மறுநாள் மதியம் 80,000 ரொக்கமாகக் கொண்டுவந்து, "கடையில் கிடந்த பணம்தான்" என்றாய்.

அது கடைப் பணம் இல்லை என்று எனக்கு ஜூனில்தான் தெரியும். கல்யாண வீட்டில் தங்கச்சி கழுத்தைப் பார்த்துவிட்டு செல்வி என்னிடம் சொன்னாள். அப்புறம் உன் தம்பியைக் கேட்டேன். ஆரத்தை 70,000-க்கு அடகு வைத்திருக்கிறாய். அன்றிலிருந்து உன் போனை எடுக்கவே கூச்சமாக இருந்தது. ராஜபாளையம் வந்தும் உன் கடைப் பக்கம் வராமல் திரும்பினேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதைத்தான் முதலில் மன்னிக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வாங்கியது 1,80,000. ஏப்ரலில் கொடுத்தது 10,000. பாக்கி 1,70,000. இப்படித் தரலாம் என்று இருக்கிறேன்:

செப்டம்பர் முதல் ஜனவரி வரை, மாதம் 5-ஆம் தேதி 7,000 (மொத்தம் 35,000)
அக்டோபரில் தீபாவளி போனஸ் வந்ததும் கூடுதலாக 20,000
ஜனவரி 12-ல் சீட்டுப் பணம் 60,000
பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் 10,000 (மொத்தம் 50,000)
ஜூலை 2026-ல் கடைசியாக 5,000

சீட்டு நம்பகமானது. இருபது பேர், மாதம் 3,000. கடைசிச் சீட்டு என்னுடையது, அதனால் தள்ளுபடி இல்லாமல் முழுசாக வரும். அது முடிந்தால் மாதம் 3,000 மிச்சமாகும், அதனால்தான் பிப்ரவரியிலிருந்து பத்தாக ஏற்றியிருக்கிறேன். போனஸ் போன வருஷம் 24,000 வந்தது, குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். காலண்டர் சீசனில் பிரஸ்ஸில் ஓவர்டைம் கிடைத்தால் அதையும் அனுப்புவேன், ஆனால் நிச்சயமில்லாததைக் கணக்கில் எழுதவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் தருவதைக் கடைக்குச் சரக்கு எடுக்கப் போடாதே, முதலில் ஆரத்தைத் திருப்பு. ஜனவரி 12-க்குள் உன் கைக்கு 1,15,000 வந்திருக்கும். தையில் உன் மச்சினன் கல்யாணத்துக்குத் தங்கச்சி அந்த ஆரத்தோடுதான் நிற்க வேண்டும். அடகு வட்டி என் பொறுப்பு, மேலே உள்ள கணக்கில் அது சேரவில்லை. பேங்க் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பு. திருப்புகிற அன்று வட்டி எவ்வளவு வருகிறதோ அதைத் தனியாகத் தருகிறேன். இதில் மட்டும் பெருந்தன்மை காட்டாதே.

ஏதாவது மாதம் தட்டினால் 1-ஆம் தேதிக்கு முன்னாலேயே நானே சொல்வேன், நீ கேட்கும்படி வைக்க மாட்டேன். அந்த மாதத் தொகையை அடுத்த மாதமே சேர்த்துத் தருவேன். உனக்கு நடுவில் அவசரம் வந்தால் தயங்காமல் கேள், செல்வி வளையலை வைத்தாவது புரட்டலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இந்தக் கணக்கு முழுவதும் அவளுக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆனாலும் அவளிடம் பேசலாம்.

இதே கணக்கை இன்னொரு தாளிலும் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். நம் இருவருக்குள் எதற்குடா என்பாய். எனக்காக வைத்துக்கொள். தேதியோ தொகையோ உனக்குத் தோதுப்படவில்லை என்றால் அதிலேயே பேனாவால் மாற்றிவிடு.

அடுத்த ஞாயிறு காலை கடைக்கு வருகிறேன், இந்தத் தடவை உள்ளேயே வருவேன். அப்பா உனக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை பால்கோவா வாங்கி வைத்திருக்கிறார். அவர் தின்று தீர்ப்பதற்குள் கொண்டுவர வேண்டும்.

உன்,
கண்ணன்