செய்முறைத் திட்டம்: சுக்ரோஸ் கரைசலில் உருளைக்கிழங்குத் திசுவின் நிறை மாற்றம்

நோக்கம்

சுக்ரோஸ் கரைசலின் செறிவுக்கும் அதில் ஊறும் உருளைக்கிழங்குத் திசுவின் நிறை மாற்ற விழுக்காட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிதல்.

குறிக்கோள்கள்

1. 85.6 கி சுக்ரோஸைக் கரைத்து 250 மி.லி-க்கு நிரப்பி 1.0 மோலார் கரைசல் தயாரித்தல். அதை நீர்த்து 0.2, 0.4, 0.6, 0.8 மோலார் கரைசல்களை எடுத்தல் (0.2-க்கு 12 மி.லி கரைசலுடன் 48 மி.லி நீர்). 0 மோலாருக்கு வாலைவடிநீர்.

2. 8 மி.மீ தக்கைத் துளைப்பானால் 40 மி.மீ நீளமுள்ள தோலற்ற துண்டுகள் 18 வெட்டுதல். ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று கிழங்குகளிலிருந்து ஒவ்வொரு துண்டு. எல்லாவற்றையும் ஒரே கிழங்கில் எடுத்தால், கிடைக்கும் முடிவு அந்தக் கிழங்குக்கு மட்டுமே பொருந்தும்.

3. ஒவ்வொரு துண்டையும் தனிச் சோதனைக்குழாயில் 20 மி.லி கரைசலில், 25±1 °செ-யில் 60 நிமிடம் வைத்து, முன்னும் பின்னும் 0.01 கி துல்லியத்தில் நிறுத்தல். நிறுக்கும் முன் ஒவ்வொரு முறையும் வடிதாளில் ஒரே அளவு ஒற்ற வேண்டும். துண்டின் நிறை ஏறக்குறைய 2 கி தான். ஒட்டியிருக்கும் 0.04 கி நீர்ப்படலம்கூட 2% மாற்றமாகத் தோன்றும்.

4. நிறை மாற்ற விழுக்காட்டின் சராசரியை வரைபடமாக்கி, கோடு பூச்சியத்தை வெட்டும் செறிவை 0.05 மோலாருக்குள் மதிப்பிடுதல். மூன்று துண்டுகளுக்கிடையே வேறுபாடு 5 விழுக்காட்டுப் புள்ளிகளைத் தாண்டினால் அந்தச் செறிவை மட்டும் மறுபடி செய்தல்.

கருதுகோள்

சுக்ரோஸ் செறிவு கூடக் கூட நிறை மாற்ற விழுக்காடு குறையும்: வாலைவடிநீரில் துண்டின் நிறை கூடும், 1.0 மோலாரில் குறையும். பூச்சிய மாற்றம் 0.2-க்கும் 0.4 மோலாருக்கும் இடையில் வரும். காரணம், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்சவ்வு வழியே நிகரமாகச் செல்வது.

இன்மைக் கருதுகோள்: செறிவுக்கும் நிறை மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆறு சராசரிகளுக்கும் ஸ்பியர்மன் தரவரிசைக் கெழு −0.886 அல்லது அதற்கும் கீழே வந்தால் (5% மட்டம், இருபக்கச் சோதனை) இது நிராகரிக்கப்படும்.

மதிப்பீடு

நிறை எந்தத் திசையில் மாறும் என்பதை நோக்கமும் குறிக்கோள்களும் சொல்லவில்லை. வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டவை. "நிறை குறைவதைக் காட்டுதல்" என்று எழுதியிருந்தால் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாகிவிடும். குறையாத துண்டைப் "பிழை" என்று ஒதுக்கவும் தோன்றும். 18 துண்டுகளின் அளவீடும் பூச்சிய வெட்டுப்புள்ளியும் கிடைத்தால் குறிக்கோள்கள் நிறைவேறியதாகப் பதிவாகும். வெட்டுப்புள்ளி 0.5 மோலாரில் வந்தால் கருதுகோளின் அந்தப் பகுதி மட்டும் தவறியதாக எழுதப்படும். கருதுகோள் வரிகள் திருத்தப்படமாட்டா.