இலக்கணப் பயிற்சித் தாள்: சொல் வகையும் சந்திப்பிழையும்

பத்தாம் வகுப்பு, தமிழ்
நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 20

பிள்ளைகளே, மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது கட்டுரையில் நன்றாக எழுதியவர்கள்கூட இந்த இரண்டு வகைக் கேள்விகளில் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருப்பதைப் பார்த்தேன். முதலில் விடையைப் பார்க்காமல் எழுதுங்கள். அப்புறம் திருப்பிப் பார்க்கலாம்.

அ. மேற்கோள் குறிக்குள் உள்ள சொல் பெயரா, வினையா, இடையா, உரியா என எழுதுக. (6 x 1 = 6)

1. காசிமேட்டில் நேற்று 'அலை' பெரிதாக எழுந்தது.
2. "வெயிலில் சும்மா 'அலையாதே'" என்று ஆயா திட்டினார்.
3. ஐஸ் பெட்டியைத் 'தூக்கியவர்' கீழே வைத்தார்.
4. வஞ்சிரம் 'மட்டும்' விற்றுத் தீர்ந்தது.
5. வலை 'பின்னுதல்' அவர்கள் குடும்பத் தொழில்.
6. அவர் சொன்னது 'சால'ச் சிறந்தது.

ஆ. சந்திப்பிழையை நீக்கி எழுதுக. (5 x 2 = 10)

7. அந்த பக்கம் திரும்பினால் எம்.சி. ரோட்டின் துணி கடைகளை பார்க்கலாம்.
8. அண்ணனோடுப் போய் ஐந்துக் கிலோ நெத்திலி வாங்கினேன்.
9. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை பார்க்க போனோம்.
10. பெரியப் படகு கரைக்கு வந்துச் சேர்ந்தது.
11. தங்கை பத்து பாட்டு பாடி காட்டினாள்.

இ. பொருள் வேறுபாட்டை விளக்குக. (4)

12. கத்தி கொண்டு போனான். கத்திக்கொண்டு போனான்.

விடைகள்

1. பெயர். 2. வினை. ஒரே 'அலை'தான், வாக்கியத்தில் செய்யும் வேலை வேறு. சொல்லைத் தனியாகப் பிடுங்கி வைத்துப் பார்த்தால் வகை தெரியாது.

3. பெயர். இங்கேதான் வகுப்பில் பாதிப் பேர் 'வினை' என்று எழுதுகிறீர்கள். தூக்கினார் என்றால் வினைமுற்று. தூக்கியவர் என்பது தூக்கிய ஆளைக் குறிக்கிறது, வினையாலணையும் பெயர். சந்தேகம் வந்தால் வேற்றுமை உருபை ஒட்டிப் பாருங்கள். தூக்கியவரை, தூக்கியவருக்கு என்று ஒட்டுகிறது. 'தூக்கினாரை' என்று யாரும் பேசுவதில்லை.

4. இடை. 5. பெயர் (தொழிற்பெயர்). 6. உரி. நன்னூல் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்கிறது. ஆறு சொல்லுக்கும் 'மிகுதி' என்பதே பொருள். மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

7. அந்தப் பக்கம், துணிக்கடைகளைப் பார்க்கலாம். அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின் வல்லினம் மிகும். 'ஐ' உருபு வெளிப்பட்டு நின்றாலும் மிகும். 'கு' உருபுக்கும் அப்படியே. கடைப் பலகையையும் பேனரையும் பார்த்து எழுத்துக் கற்காதீர்கள். நம் தெருவில் ஒற்று விட்ட பலகைதான் அதிகம்.

8. அண்ணனோடு போய், ஐந்து கிலோ. மிகாத இடத்தில் ஒற்றுப் போடுவதும் பிழைதான். போன தேர்வில் விட்ட ஒற்றைவிட, பயந்துகொண்டு கூடுதலாகச் செருகிய ஒற்றே அதிகம். 'ஓடு' உருபுக்குப் பின் மிகாது. எண்களில் எட்டு, பத்து இரண்டுக்குப் பின் மிகும்: எட்டுப் படகு, பத்துப் படகு. ஐந்து படகு, ஆறு படகு என்பவற்றில் மிகாது.

9. நிலையத்தைப் பார்க்கப் போனோம். 'பார்க்க' என்பது அகரத்தில் முடியும் வினையெச்சம். வரச் சொன்னான், தேடச் சென்றாள் போல.

10. பெரிய படகு, வந்து சேர்ந்தது. 'த்து' என முடிந்தால் மிகும் (எடுத்துச் சென்றான்), 'ந்து' என முடிந்தால் மிகாது (வந்து சென்றான்). வன்தொடர், மென்தொடர் என்று பெயர் எழுத வராவிட்டாலும் இந்த இரண்டு எடுத்துக்காட்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதுக்கே தெரியும்.

11. பத்துப் பாட்டுப் பாடிக் காட்டினாள். 'பத்துப்பாட்டு' என்று சேர்த்து எழுதினால் சங்க நூலின் பெயராகிவிடும். திருமுருகாற்றுப்படை முதல் மலைபடுகடாம் வரை பத்தையும் உங்கள் தங்கை பாடியிருந்தால் சேர்த்தே எழுதுங்கள்!

12. முதல் வாக்கியத்தில் கத்தி என்பது பெயர். கையில் கத்தியை எடுத்துப் போனான். 'ஐ' உருபு மறைந்து நிற்பதால் ஒற்று மிகவில்லை. இரண்டாவதில் கத்தி என்பது வினையெச்சம். கூச்சல் போட்டபடி போனான். இகரத்தில் முடியும் வினையெச்சம் என்பதால் 'க்' வந்தது. பொருளுக்கு இரண்டு மதிப்பெண், இலக்கணக் காரணத்துக்கு இரண்டு. பொருளை மட்டும் எழுதிவிட்டு "மிஸ், மீதி ரெண்டு மார்க் எங்கே?" என்று வந்து நிற்கக் கூடாது.