கடைசி லயத்து விருந்தாளி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை முடிகிற இடத்தில் அந்த ரப்பர் தோட்டத்து லயம் இருந்தது. பன்னிரண்டு வீடுகளில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போவதாக நிர்வாகம் சொன்னதும் சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அஞ்சலைதான் மிச்சம். ஈப்போவிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் மழை விடவில்லை. பட்டை நனைந்தால் ரப்பர் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மழைநீரோடு வழிந்து வீணாகும். பாலுக்கு மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. சீனர் கடையின் 555 கணக்குப் புத்தகத்தில் அவளுடைய பக்கம் நிரம்பிவிட்டது. தவுக்கே நல்ல மனிதர், முகம் சுளிக்கமாட்டார். அதனாலேயே அங்கே போக அவளுக்குக் கால் எழவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் யாரோ செருமினார்கள். கறுத்த, நெடிய கிழவர். மீசை மட்டும் வெள்ளை. இடுப்பில் நாலு முழ வேட்டி.

"மழைக்கு ஒதுங்கலாமா தாயி?"

"உள்ளே வாருங்கள் ஐயா. வாசலில் நிற்பானேன்?"

பழைய துண்டு ஒன்றைத் துவட்டக் கொடுத்துவிட்டு அரிசிப் பானையைத் திறந்தாள். அரிசி அளக்கும் பால் டின்னால் அடியைச் சுரண்டினாள். அரை டின் தேறியது. காலையில் கஞ்சிக்கென்று வைத்திருந்தது. ஈர விறகு புகைந்து புகைந்து கடைசியில் பிடித்தது. கொல்லையில் மரவள்ளி நட்டு நான்கு மாதம்தான். கிழங்கு விரல் பருமன்கூட இருக்காது. இருந்தாலும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு போய் இரண்டு செடியைப் பிடுங்கி வந்தாள். ஒரு பிடி நெத்திலியை வறுத்து, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். சோற்றைத் தட்டில் குவித்தபோது அது உள்ளதைவிட அதிகமாகத் தெரியட்டும் என்று நடுவில் கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டாள்.

"நீ?"

"நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன் ஐயா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டார்.

"சுருட்டு ஏதும் இருக்குமா?"

அஞ்சலை தயங்கினாள். மாடத்தில் ஒரே ஒரு சுருட்டு இருந்தது. எல்லை முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமைப் படையலுக்கு எடுத்து வைத்தது. தோட்டத்து முனியாண்டிக்குக் கோபுரமா இருந்தது? ஓர் ஆலமரம், ஒரு கல், துருப்பிடித்த சூலம். இத்தனை காலமும் காவல் காத்த சாமிக்கு வைத்ததை எடுப்பதா? வாய்விட்டுக் கேட்ட மனிதருக்கு இல்லை என்பதா?

'பொறுத்துக்கொள், அப்பா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

புகை வீட்டை நிறைத்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "மூன்றாம் லயத்துப் பொன்னம்மா மகனுக்குப் பேச்சு வந்ததா?"

"வந்தது ஐயா. இப்போது தைப்பிங்கில் வாத்தியாராக இருக்கிறான்."

"நல்லது. வந்து சொல்வாள் என்று பார்த்தேன், வரவில்லை. கங்காணி மருமகளுக்கு அந்தக் கட்டி?"

"கரைந்துவிட்டது…"

சொல்லிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். பொன்னம்மா அந்த வேண்டுதலை நள்ளிரவில் கல்லின் முன்னால் அழுதுகொண்டே சொன்னாள். பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அஞ்சலை. மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

அவள் பார்வை கீழே இறங்கியது. அவ்வளவு செம்மண் சேற்றில் நடந்து வந்த பாதங்களில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

தட்டு கையிலிருந்து நழுவியது. "அப்பா! உங்களுக்கா நான் இந்தப் பிஞ்சுக் கிழங்கைப் போட்டேன்?"

"நன்றாகத்தான் இருந்தது" என்றார் முனியாண்டி. "படையல் நின்று மூன்று மாதம் ஆகிறதே. நீ வைக்கும் வெள்ளிக்கிழமைச் சுருட்டு மட்டும்தான். போனவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்கத்தான் வந்தேன். கேட்க வேறு ஆள் இல்லை."

அவள் விடிய விடிய சொன்னாள். யார் மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், யார் வீடு கட்டினார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒன்றுவிடாமல். நல்லதற்குத் தலையசைத்தார். சாவுச் செய்திக்குச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

அஞ்சலை யோசித்தாள். "திங்கட்கிழமை அந்த ஆலமரத்தையும் தள்ளப்போகிறார்களாம். நீங்கள் எங்கே போவீர்கள்?"

அவரிடம் பதில் இல்லை. பொழுது விடிந்தபோது அவரும் இல்லை.

மழை விட்டிருந்தது. அவள் ஆலமரத்தடிக்குப் போய்க் கல்லைப் பெயர்த்தாள். அவள் பயந்த அளவுக்குக் கனக்கவில்லை. கழுவித் துடைத்து, கட்டியிருந்ததைவிட நல்ல சேலையில் சுற்றி, அரிசிச் சாக்கில் வைத்துக்கொண்டு ஈப்போ பஸ் ஏறினாள்.

நான்காம் மாடியில் மகள் கதவைத் திறந்தாள். சாக்கைப் பார்த்தவுடன், "அரிசி எதற்கம்மா சுமந்து வந்தாய்?" என்றாள்.

"அரிசியா? விருந்தாளி வந்திருக்கிறார். வழிவிடு, முதலில் உலையை வை."