திருமண மண்டப வாடகை ஒப்பந்தம்

2026-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் நாள், திங்கட்கிழமை, கும்பகோணத்தில் எழுதிக்கொள்ளப்பட்ட இந்த ஒப்பந்தத்தில், கீழே முதலாவதாகக் கையொப்பமிடும் மண்டப உரிமையாளர் ‘மண்டபத்தார்’ என்றும், தம் மகளின் திருமணத்துக்காக மண்டபத்தை எடுக்கும் இரண்டாவது கையொப்பக்காரர் ‘விழா வீட்டார்’ என்றும் குறிக்கப்படுகின்றனர்.

மண்டபமும் நேரமும்

400 பேர் அமரும் முகூர்த்தக் கூடம், ஒரு பந்திக்கு 160 பேர் உண்ணும் சாப்பாட்டுக் கூடம், சமையற்கட்டு, மணமக்கள் அறைகள் இரண்டு, குளிர்சாதன அறைகள் ஆறு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை 2026 ஆகஸ்ட் 22 சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 23 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணி வரை விழா வீட்டாரின் பொறுப்பில் இருக்கும். மளிகையும் காய்கறியும் இறக்குவதற்காகச் சமையற்கட்டை மட்டும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கே திறந்து தருவோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

வாடகை

வாடகை ரூ.1,80,000, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.32,400, ஆக மொத்தம் ரூ.2,12,400. இதில் முன்பணம் ரூ.60,000 இன்று வங்கி வழியாகப் பெறப்பட்டது. மீதி ரூ.1,52,400-ஐயும் சேத வைப்புத்தொகை ரூ.40,000-ஐயும் ஜூலை 23-க்குள் செலுத்த வேண்டும். அதற்குள் வராவிட்டால் எழுத்து மூலம் நினைவூட்டி ஐந்து நாள் அவகாசம் தருவோம். அதன் பிறகும் வராவிட்டால், ஜூலை 23 அன்று விழா வீட்டாரே ரத்து செய்ததாகக் கொள்ளப்படும். மின்சாரம் மீட்டர் கணக்குப்படி, மின்வாரியம் எங்களிடம் வாங்கும் விலைக்கே தனியாக வசூலிக்கப்படும். மீட்டர் அளவை, சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு தரப்பும் சேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு ரூ.2,500.

ரத்துக் கட்டணம்

ரத்து செய்வதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; அந்தக் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ எங்களுக்குக் கிடைத்த நாளே கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும். மே 24-க்குள் தெரிவித்தால் ரூ.18,000, அதன் பின் ஜூலை 23 வரை ரூ.54,000, அதன் பின் ஆகஸ்ட் 15 வரை ரூ.1,08,000, ஆகஸ்ட் 16 முதல் ரூ.1,44,000 பிடித்துக்கொண்டு, செலுத்திய தொகையில் மீதியைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தருவோம். கடைசி வாரத்தில் ரத்தானாலும் துப்புரவு, காவல், தண்ணீர் லாரி ஆகிய செலவுகள் எங்களுக்கு மிச்சமாவதால், முழு வாடகையையும் பிடித்துக்கொள்வது முறையன்று என்று கருதியே இந்த உச்ச அளவு வைக்கப்பட்டுள்ளது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. அதற்கேற்ப, அதே இரண்டு நாட்களுக்கு மண்டபம் வேறு ஒருவருக்கு வாடகைக்குப் போனால், மேற்கண்ட கட்டணத்துக்குப் பதிலாக, புதிய வாடகை குறைந்த அளவையும் அலுவலகச் செலவு ரூ.5,000-ஐயும் மட்டும் (எந்த நிலையிலும் மேற்கண்ட கட்டணத்துக்கு மிகாமல்) பிடித்துக்கொள்வோம். ரத்தான நாளை வெளியில் அறிவித்து வேறு ஆள் தேட உண்மையாக முயல்வது மண்டபத்தாரின் கடமை.

மணமகன் அல்லது மணமகளின் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் இறந்து திருமணம் தள்ளிப்போனால் ரத்துக் கட்டணம் கிடையாது. அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் மண்டபம் காலியாக உள்ள எந்த நாளுக்கும் செலுத்திய தொகை அப்படியே மாற்றித் தரப்படும். துக்க வீட்டாரிடம் அந்த நேரத்தில் சான்றிதழ் கேட்க மாட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் கொண்டுவந்தால் போதும். வெள்ளம், அரசு உத்தரவு, தேர்தல் பணிக்காக மண்டபத்தை அதிகாரிகள் எடுத்துக்கொள்ளுதல் போன்ற, இரு தரப்பாலும் தடுக்க முடியாத காரணத்தால் திருமணம் நடத்த முடியாமற் போனால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.

மண்டபத்தார் தம் தவறால் மண்டபத்தைக் கொடுக்க முடியாமற் போனால், பெற்ற தொகை முழுவதுடன் ரூ.1,00,000 இழப்பீடும் மூன்று நாட்களுக்குள் தர வேண்டும். பத்திரிகை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பின் இடம் மாறுவது ஒரு பெண் வீட்டாருக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்பதை உணர்ந்தே இதற்கு மண்டபத்தார் இசைகின்றனர்.

சேத வைப்புத்தொகை

சனிக்கிழமை மாலை சாவி கொடுக்கும்போது இரு தரப்பிலும் ஒருவர் சேர்ந்து நடந்து பார்த்து, ஏற்கெனவே உள்ள விரிசல், கறை, உடைசல் ஆகியவற்றைப் படம் எடுத்து, பாத்திரப் பட்டியலில் கையொப்பமிட வேண்டும். அண்டா, குண்டான், தாம்பாளம், ஜல்லிக்கரண்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணியே கொடுப்போம், எண்ணியே வாங்குவோம். அன்று படத்தில் பதிவான எந்தக் குறைக்கும் பின்னர் பணம் கேட்க முடியாது.

வாழைமரத்தையும் தோரணத்தையும் கயிற்றால் மட்டுமே கட்ட வேண்டும். தூணிலும் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது. ஹோம குண்டத்துக்குக் கீழே முதலில் மணலும் அதன் மேல் இரண்டு வரிசைச் செங்கல்லும் பரப்ப வேண்டும். சூடு நேரே இறங்கினால் மேடையின் கிரானைட் பலகை வெடித்துவிடும். மணலும் செங்கல்லும் நாங்களே இலவசமாகத் தருகிறோம். நாற்காலி உடைந்தால் ரூ.600, அறைச் சாவி தொலைந்தால் ரூ.500, சுவரில் ஆணித் துளை ஒன்றுக்கு ரூ.300, மற்றவற்றுக்குப் பழுது பார்த்த உண்மையான பில் தொகை மட்டும். மெத்தை விரிப்பில் நலங்கு மஞ்சள் படிவது, மாவிலை உதிர்வது, தரையில் எண்ணெய்ப் பிசுக்கு போன்றவை கல்யாணம் நடந்த இடத்தில் இயல்பானவை; அவற்றுக்கு எதுவும் பிடிக்கப்பட மாட்டாது. பழைய குளிர்சாதன எந்திரம் தானாகப் பழுதானாலும் அது எங்கள் செலவே.

வைப்புத்தொகையை, பிடித்தம் இருந்தால் படமும் பில்லும் இணைத்து, ஏழு நாட்களுக்குள் பணம் வந்த அதே கணக்குக்கு அனுப்புவோம். எட்டாம் நாள் முதல் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.200 மண்டபத்தார் தர வேண்டும். சேதம் ரூ.40,000-க்கு மேற்பட்டால், பில்லைக் கண்ட பதினைந்து நாட்களுக்குள் மிகுதியை விழா வீட்டார் தர வேண்டும்.

கூடுதல் நேரம்

ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணி வரை ராகு காலம். அன்று மாலை மண்டபம் எடுத்தவர்கள் அதற்கு முன்பே உள்ளே வந்து விளக்கேற்றுவார்கள். அதற்குள் கூட்டித் துடைக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே 3 மணிக்குப் பின் அரை மணி நேரம் கட்டணமின்றி விடப்படும், 3.30-க்குப் பின் ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் அதன் பகுதிக்கும் ரூ.4,000-உம் ஜி.எஸ்.டி.யும் வைப்புத்தொகையிலிருந்து கழிக்கப்படும். தண்ணீர், மின்சாரம் தடைப்பட்டதால் பந்தி தாமதமானால் அந்த நேரம் கணக்கில் சேராது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் எந்தக் கட்டணத்துக்கும் அனுமதி இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அதைத் தடுக்கின்றன.

காப்பீடு

கட்டடத்துக்குத் தீ முதலிய விபத்துகளுக்கான காப்பீடும், கட்டடக் குறைபாட்டால் விருந்தினருக்கு நேரும் காயத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடும் மண்டபத்தார் எடுத்துள்ளனர். அவற்றின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மணமக்களின் நகை, சீர்வரிசை, மொய்ப்பணம் ஆகியவை இவற்றில் அடங்கா என்பதை விழா வீட்டார் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மொய் எழுதும் மேசையைக் கண்காணிப்பு கேமராவுக்கு நேர் கீழே போட்டுத் தருகிறோம். பூட்டும் இரும்புப் பெட்டியும் ஒன்று தருகிறோம். ஆயினும் அவற்றின் காவல் விழா வீட்டாருடையதே.

சமையல், பந்தல், மின்விளக்கு ஆகிய வேலைகளுக்கு விழா வீட்டார் அமர்த்தும் ஒப்பந்தக்காரர்களின் செயலால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் இழப்புக்குமாக, ரூ.10,00,000-க்குக் குறையாத ஒரு நிகழ்ச்சிக் காப்பீட்டை எடுத்து, ஆகஸ்ட் 8-க்குள் நகல் தர வேண்டும். அந்த ஒப்பந்தக்காரர்களிடம் ஏற்கெனவே இத்தகைய காப்பீடு இருந்தால் அதன் நகலே போதும். மண்டபத்துக்குள் வெடி வெடித்தாலோ, பெயின்ட் அடித்துக் காட்டிய கோட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டினாலோ எங்கள் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் கூடும். அவ்வாறு மறுக்கப்பட்ட தொகைக்கு விழா வீட்டாரே பொறுப்பு. விபத்து எதுவாயினும் முதலில் ஆளைக் காப்பாற்றிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இதில் எழும் வழக்குகள் கும்பகோணம் நீதிமன்றங்களுக்கு உட்பட்டவை. இரண்டு பிரதிகளாக எழுதி, வாசித்துக் காட்டப்பட்டு, பொருள் விளங்கிக்கொண்டு, இரு சாட்சிகள் முன்னிலையில் இரு தரப்பாரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி பெற்றுக்கொண்டனர்.